ஏற்காட்டுக் குளிரில் கண்ட கல மாறிலி, சேலத்துக் கிணற்று நீரில் செய்யும் பிழை

நீர்ப் பரிசோதனையில் கடத்துத்திறன் அளவியைப் பயன்படுத்துவோர் பலரும் 1413 என்ற எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலின் நியமக் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோ சீமென்ஸ் என்பது 25 டிகிரி செல்சியஸில் மட்டுமே உண்மை. 20 டிகிரியில் அது ஏறத்தாழ 1278 தான். காலையில் ஏற்காட்டுக் குளிரில் கலத்தை அளவுதிருத்தம் செய்துவிட்டுச் சேலத்துக்கு இறங்கிக் கிணற்று நீரை அளப்பவருக்கு இந்த வேறுபாடு பெரியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வெப்பநிலை ஈடுசெய்யும் வசதி இல்லாத, கடத்துத்திறனை மட்டும் காட்டும் அளவி அது. சுமார் 110 டிகிரியில் உலர்த்திய பொட்டாசியம் குளோரைடு 0.7456 கிராமைத் தூய நீரில் கரைத்து, 1 லிட்டருக்கு நிரப்பினால் நமக்கு வேண்டிய கரைசல் கிடைக்கும். அதே கரைசலால் கலத்தை இருமுறை அலசி, மின்முனைகளுக்கிடையே குமிழி தங்காதபடி நிரப்பி, 20 டிகிரியில் அளந்தபோது 1248 மைக்ரோ சீமென்ஸ் காட்டியது என்று கொள்வோம். நியமக் கடத்துத்திறனை இந்த அளவீட்டால் வகுத்தால் கல மாறிலி வந்துவிடும்: 1278 ஐ வகுத்தால் 1.024, பழக்கத்தில் 1413 ஐ வகுத்தால் 1.132.

சேலத்தில் நீர்த்தொட்டியில் 25 டிகிரியில் நிறுத்திய கிணற்று நீர் 2050 மைக்ரோ சீமென்ஸ் காட்டுகிறது. சரியான மாறிலியால் பெருக்கினால் 2099, தவறானதால் பெருக்கினால் 2321. பாசன நீரை வகைப்படுத்தும் அட்டவணையில் 2250 ஐத் தாண்டினால் அது மிக அதிக உவர் நீர். கவனத்தோடு பயன்படுத்தக்கூடிய கிணற்றை, கரைசலின் வெப்பநிலையைப் பார்க்காத ஒரே காரணத்தால், விவசாயியிடம் கைவிடச் சொல்லிவிடுவோம்.

இந்தப் பிழை பல நாள் மறைந்திருக்கவும் கூடும். இரண்டு அளவீடுகளையும் ஏற்காட்டிலேயே 20 டிகிரியில் எடுத்தால், கிணற்று நீரின் கடத்துத்திறனும் டிகிரிக்குச் சுமார் 2 விழுக்காடு குறைந்து, பிழைகள் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்து, விடை 25 டிகிரிக்கு உரியதுபோலவே வரும். வெப்பநிலை மாறிய இடத்தில்தான் குட்டு வெளிப்படும்.

கல மாறிலி என்பது மின்முனைகளின் பரப்பையும் இடைவெளியையும் சார்ந்த வடிவியல் அளவு. ஆகவே பதிவேட்டில் நேற்று 1.02 என்றிருந்தது இன்று 1.13 ஆனால், கலத்தைச் சந்தேகிக்கும் முன் வெப்பமானியையும், கரைசலை நீர்த்துப்போகச் செய்யும் எஞ்சிய கழுவுநீரையும், குமிழியையும் பார்க்க வேண்டும். இவை மூன்றுமே மாறிலியை மேலே தள்ளக்கூடியவை. பிறகு 25 டிகிரியில் 0.1 மோலார் கரைசலை நிரப்பிப் பாருங்கள். அதன் நியமக் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 12.88 மில்லி சீமென்ஸ் என்பதால் மேற்சொன்ன கலம் 12.58 காட்ட வேண்டும். 0.01 கரைசலில் சரியாக இருந்து இதில் மட்டும் அளவீடு தாழ்ந்தால், மின்முனைகளின் பிளாட்டினக் கருமை தேய்ந்து முனைவாக்கம் நிகழ்கிறது என்று கருதி, அந்தப் பூச்சை மறுபடி ஏற்ற வேண்டும்.