கொய்யாக் கிளையில் வளையல் போட்ட சீரியல் லைட்

ஒரு கிறிஸ்துமஸுக்கு வாசல் கொய்யாவில் சுற்றிய சீரியல் லைட்டை, 'அடுத்த வருஷமும் வேணுமே' என்று கழற்றாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது வருஷம் பார்த்தால், ஒரு கிளையில் ஒயருக்கு மேலே பட்டை வளையல் மாதிரி புடைத்திருந்தது. கீழ்ப்பக்கம் பழைய பருமன்தான்.

கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடவைக்கும் விண்பதியம் போட்டவர்களுக்கு இது புரியும். கிளையில் ஒரு வளையம் பட்டையை உரித்தால், இலை தயாரிக்கும் சர்க்கரை கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்கும். அதனால்தான் வெட்டின் மேல் விளிம்பில் வேர் விடுகிறது. சர்க்கரை போகும் பாதை பட்டையின் உட்புறத்தில். தண்ணீர் ஏறும் பாதை அதற்கும் உள்ளே, கட்டையில். இறுகிய ஒயர் முதலில் நெரிப்பது சர்க்கரைப் பாதையைத்தான். தண்ணீர் ஏறிக்கொண்டே இருப்பதால் இலை வாடாது, நமக்கும் தெரியாது. அடிமரத்திலேயே இப்படி நடந்தால் வேர் பட்டினி கிடக்கும்.

மரத்தின் குறுக்களவு 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 3 செ.மீ.க்கு மேல் கூடும். ஒயர் நீளாது. சுருளாகச் சுற்றினால் கொஞ்சம் நெகிழ்வு உண்டு; ஆனால் நுனியில் போடும் முடிச்சு மூடிய வளையம், அதுதான் முதலில் அறுக்கும்.

ஒயர் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு ஆழமாகப் பதியும். ஆகவே முடிபோன்ற செம்புக்கம்பி விளக்குகள் மரத்துக்கு வேண்டாம். பச்சை நிற ரப்பர் அல்லது பிவிசி உறை போட்ட, வெளிப்புறத்துக்கான எல்இடி செட் போதும். அட்டையில், தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும் என்பதற்கான IP44 குறியோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய குண்டு பல்பின் சூடும் இதில் இல்லை. அடாப்டர் வைத்த குறைந்த வோல்ட் செட் என்றால் இன்னும் நல்லது. அடாப்டர் மட்டும் மழை படாத இடத்தில் இருக்கட்டும்.

சுற்றளவு 40 செ.மீ., 120 செ.மீ. உயரம் வரை, 8 செ.மீ. இடைவெளி என்று வைத்தால் 15 சுற்று, கிட்டத்தட்ட 6 மீட்டர். 10 மீட்டர் செட் வாங்கினால் மிச்சம் ஒரு கிளைக்கு ஆகும். பிளக் கீழே இருக்க, அடியிலிருந்து மேலே போங்கள். ஒயருக்கடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். ஆணி, ஸ்டேப்ளர் பின் கூடாது. நுனியைப் பழைய வேட்டிக் கிழிசலால், இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள்.

கழற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேலிருந்து அவிழ்த்தபடியே ஓர் அட்டைத்துண்டில் சுற்றிக்கொண்டு வாருங்கள். பொங்கல் முடிந்த வாரமே இதைச் செய்துவிடலாம்.

பட்டை மூடிக்கொண்ட ஒயரை மட்டும் இழுக்காதீர்கள், பட்டையும் சேர்ந்து உரிந்து வரும். இருபுறமும் வெட்டி, உள்ளே இருப்பதை விட்டுவிட வேண்டியதுதான். என் கொய்யாக் கிளைக்குள் இரண்டங்குலப் பச்சை ஒயர் இன்னமும் இருக்கிறது.