கால் வீங்காத பேரன் ரத்தத்தில்தான் புழு இருந்தது

கும்பகோணம் பக்கம் ஒரு வீடு. பாட்டிக்கு இருபது வருடமாக யானைக்கால். "என்னாலதான் தம்பி பிள்ளைங்களுக்கும் வந்துடும்போல" என்று சொல்லி, பேரப்பிள்ளைகளைக்கூடப் பக்கத்தில் படுக்கவிடுவதில்லை. ராத்திரி பத்தரை மணிக்கு ஸ்லைடு பெட்டியோடு போனோம். பாட்டி ரத்தத்தில் ஒன்றும் இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத இருபத்திரண்டு வயதுப் பேரன் ஸ்லைடில் ஏழு மைக்ரோஃபைலேரியா, அதாவது யானைக்கால் புழுவின் குஞ்சுகள்.

இது அடிக்கடி நடப்பதுதான். கால் நிரந்தரமாக வீங்கியவர்களில் பலருக்கு ரத்தத்தில் குஞ்சுப்புழு இருக்காது. வேறு சிலருக்கோ நிணநீர்க் குழாயில் உயிரோடு இருக்கும் புழுக்கள் குஞ்சு விட்டுக்கொண்டே இருக்கும், ஆள் நன்றாகவே இருப்பார், கொசுவுக்கு அதைக் கொடுப்பவரும் அவர்தான்.

அந்தப் பையன் ஒரு மாதம் முன்னால் வேறொரு லேபில் காலை பதினொரு மணிக்கு ரத்தம் கொடுத்து, 'இல்லை' என்று ரிப்போர்ட் வாங்கியிருந்தான். நம் ஊரில் இருக்கிற பான்கிராஃப்டி வகைக் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கிவிடும். இரவு பத்திலிருந்து இரண்டு மணி வரைதான் விரல் நுனி ரத்தத்தில் நிறையக் கிடைக்கும். சாக்கடைத் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான்.

ஏழு என்றால் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். நாங்கள் எடுத்தது 20 மைக்ரோலிட்டர், அப்படியென்றால் ஒரு மில்லிக்கு 350. கொசு ஒரு தடவை சுமார் 2 மைக்ரோலிட்டர் குடித்தால் சராசரியாக ஒரு குஞ்சுகூடப் போகாது, ஆனால் ஒரே ராத்திரியில் கடிப்பது எத்தனை கொசு! உள்ளே போன குஞ்சு அங்கே பெருகாது, பத்துப் பன்னிரண்டு நாளில் தொற்றும் பருவத்துக்கு வளரும். அடுத்த கடியின்போது தோல்மேல் இறங்கி, கடித்த துளை வழியாக நுழையும்.

ஸ்லைடில் கோட்டை விடுவது பெரும்பாலும் கழுவும்போதுதான். தடித்த பூச்சை நன்றாகக் காயவைத்து, மெத்தனாலில் தோய்க்காமல், முதலில் சாதாரணத் தண்ணீரில் மெதுவாக வைத்துச் சிவப்பைப் போக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி பழக்கதோஷத்தில் மெத்தனாலை முதலில் ஊற்றிவிட்டார், சிவப்பு அப்படியே உறைந்து ஸ்லைடு வீண். குழாயடியில் நேராகப் பிடித்தால் பூச்சே ஓடிவிடும், புழுவும் கூடவே போகும். சாயம் ஏற்றியபின் சின்ன லென்ஸில் முழுப் பூச்சையும் பார்த்துவிட்டு, பெரிய லென்ஸில் வாலைப் பாருங்கள். உறை இருந்து, வால் நுனியில் கரு இல்லாவிட்டால் பான்கிராஃப்டி. வால் நுனியில் தனித்தனியாக இரண்டு கரு இருந்தால் இன்னொரு வகையான புரூஜியா மலாயி.

பையனுக்கு டி.இ.சி. மாத்திரை பன்னிரண்டு நாள் கொடுத்தார்கள். பாட்டி இப்போது பேரனைப் பக்கத்தில் படுக்கவைக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்டுவிட்டு ஊசி எடுங்கள்: நைட் ஷிப்ட் வேலையா? பல நாளாகப் பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பவருக்குக் குஞ்சு வரும் நேரமும் மாறிவிடும், அவருக்கு அவர் தூங்குகிற நேரத்தில்தான் எடுக்க வேண்டும்.