புட்டும் பயறும் பண்ணாத குற்றம்

என் அக்கா மகள் மார்த்தாண்டத்தில் இருந்து நாகர்கோவிலுக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். பஸ் ஏறுவதற்கு முன்னால் இரண்டு தடவையாவது கழிப்பறைக்கு ஓடவேண்டும், இல்லையென்றால் தக்கலை தாண்டுவதற்குள் வயிறு முறுக்கத் தொடங்கிவிடும் என்ற பயத்திலேயே ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறாள். டாக்டர் பார்த்து, ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, இது ஐ.பி.எஸ் என்று சொல்லிவிட்டார். எரிச்சல் குடல் நோய் என்று தமிழில் சொல்வார்கள். வயிற்றுவலியும் மலம் போவதில் மாற்றமும் மாசக்கணக்கில் சேர்ந்தே வரும், ஆனால் குடலைத் திறந்து பார்த்தால் புண்ணோ கட்டியோ இருக்காது.

"சித்தி, எல்லாம் அந்த பயறுதான். புட்டும் பயறும் தின்னு முடிச்சு கால்மணி நேரம் ஆகல, ஓட்டம்தான்" என்றாள்.

நான் நர்ஸாக இருக்கிறேன், இந்த வாக்கியத்தை வாரத்துக்கு நாலு பேரிடமாவது கேட்கிறேன். பயறு போய் மீன், மீன் போய் பால், கடைசியில் கஞ்சியும் துவையலும்தான் மிச்சம் என்ற நிலைக்கு வந்தவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் தவறவிடுவது ஒன்றைத்தான், கடிகாரத்தை.

காலை 6.40-க்குச் சாப்பிட்ட பயறு 6.55-க்கு வெளியே வர முடியாது. இரைப்பையில் கரைந்து, சிறுகுடல் முழுவதையும் தாண்டி, பெருங்குடலின் வாசலுக்கு வரவே ஏறக்குறைய நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். முழுதாக வெளியேற ஒன்று முதல் மூன்று நாள். அப்படியானால் 6.55-க்கு ஓடினாளே, அது என்ன? இரைப்பை விரிந்ததும் பெருங்குடலுக்கு ஒரு நரம்புச் சேதி போகிறது, மேலே புதுசு வருகிறது, கீழே இடம் பண்ணு என்கிற மாதிரி. எல்லோருக்கும் உள்ள இயல்பான அனிச்சைச் செயல்தான் இது, கைக்குழந்தை பால் குடித்ததும் துணியில் மலம் போவதும் இதனால்தான். ஐ.பி.எஸ் உள்ளவர்களில் பலருக்கு இது அளவுக்கு மீறி வேலை செய்கிறது. வெளியே வந்தது நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டது, பழி மட்டும் இன்றைய பயறுக்கு.

பயறு ஒன்றும் பண்ணாது என்றும் சொல்ல மாட்டேன். அதில் உள்ள ஒருவகைச் சர்க்கரையை உடைக்கும் நொதி நமக்குக் கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்குத் தீனியாகி வாயுவாகிறது. ஆனால் அந்த உப்புசம் வருவது மத்தியானம் பதினொன்று, பன்னிரண்டுக்கு.

சரி, பதற்றம் எங்கே வருகிறது? 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் பேச்சு இல்லை. பயம் வந்ததும் மூளையில் சுரக்கும் ஒரு சமிக்ஞை ரசாயனம் இரைப்பையை மெதுவாக்கிப் பெருங்குடலை முடுக்கிவிடுகிறது. அதனால்தான் பரீட்சை அன்று சாப்பாடு இறங்காது, ஆனால் கழிப்பறைக்குப் போகவேண்டியிருக்கும். இன்னொன்றும் நடக்கிறது, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடலில் இருந்து மூளைக்குப் போகும் வலி நரம்புகள் சின்ன அழுத்தத்துக்கே சேதி அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. குடலுக்குள் சிறு பலூனை வைத்து மெல்ல ஊதிப் பார்த்த சோதனைகளில், மற்றவர்களுக்கு லேசான அழுத்தமாகத் தெரிந்த அளவே ஐ.பி.எஸ் உள்ள பலருக்கு வலியாக இருந்திருக்கிறது. வாயு அதே வாயுதான், பதற்றமான நாளில் அது வலியாகிறது. அதனால் இது மனப்பிரமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், வலி நிஜமாகவே வலிக்கிறது.

அவளுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து நாலு கோடு போடச் சொன்னேன், நேரம், சாப்பிட்டது, பதற்றம், வயிறு. பதற்றத்துக்கும் வலிக்கும் 0 முதல் 3 வரை மார்க். மலத்துக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பிரிஸ்டல் அட்டவணையின் எண், 1 என்றால் ஆட்டுப்புழுக்கை மாதிரி, 4 சாதாரணம், 6 குழைவு, 7 தண்ணீர். ஒரே ஒரு கண்டிப்புதான் வைத்தேன், பதற்ற மார்க்கைக் காலையில் எழுந்ததும், எதுவும் வாயில் வைப்பதற்கு முன்னால் போடவேண்டும். வயிறு கலக்கின பிறகு போட்டால் எல்லா நாளும் 3 என்றுதான் வரும், எது முன்னால் வந்தது என்று தெரியாது.

அவள் எழுதியதில் ஒரு நாள் இப்படி:

5.50 எழுந்தேன். பதற்றம் 3, இன்னைக்கு ஆடிட்.
6.40 புட்டு, பயறு, சாயா.
6.55 வலி 2, ஓடினேன், 6.
7.10 திரும்பவும், 6.
11.45 உப்புசம், வலி 1.

பதினாலு நாள் முடிந்ததும் இரண்டு பேரும் திண்ணையில் இருந்து எண்ணினோம். பதற்றம் 2 அல்லது 3 போட்ட எட்டு நாளில் ஏழு நாள் காலை ஓட்டம். 0 அல்லது 1 போட்ட ஆறு நாளில் ஒரே நாள். பயறு சாப்பிட்டது ஐந்து நாள். அதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு லீவு நாளும் அமைதியான நாட்கள், அந்த மூன்று காலையிலும் ஓட்டமே இல்லை. தோசை தின்ற பதற்றமான நாட்களில் இருந்தது. ஆனால் மத்தியான உப்புசம் பயறு தின்ற ஐந்து நாளும் வந்திருந்தது, மற்ற ஒன்பது நாளில் இரண்டே தடவை. ஆக, இரண்டு வேறு தொந்தரவுகளை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தாள். பால் சாயா பற்றி நோட்டில் எதுவும் தெரியவில்லை, தினமும் குடித்தால் ஒப்பிட நாளே கிடையாதே.

அடுத்து ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். மூன்றாம் வாரம் பயறுக்குப் பதிலாகப் புட்டோடு மட்டிப்பழம். உப்புசம் ஒரு நாளாகக் குறைந்தது, ஆறு பஸ் நாளில் காலை ஓட்டம் நாலு, அதாவது பழையபடிதான். நாலாம் வாரம் சாப்பிடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் மெதுவான மூச்சு, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், வெளிவிடுவது கொஞ்சம் நீளமாக. ஓட்டம் இரண்டு நாள். இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும், ஒரு வாரக் கணக்கை வைத்து மூச்சுதான் குணமாக்கியது என்று நான் எழுத மாட்டேன். இன்னும் சில வாரம் அதே மூச்சைச் செய்து பார்க்கலாம் என்று சொல்ல மட்டும் இது போதும்.

இந்த நோட்டு நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்தில் இருந்து எழுப்பிவிடும் பேதி, ஐம்பதை ஒட்டி முதல்தடவையாகத் தொடங்கும் தொந்தரவு, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போகவேண்டும். சாப்பிடவே பயந்து எடை இறங்குகிறவர்களுக்கு இப்படி எழுதுவதே பயத்தைக் கூட்டும், அவர்களுக்கு நான் இதைக் கொடுக்க மாட்டேன்.

நோட்டை டாக்டரிடம் கொண்டுபோனபோது அவர் முதலில் கேட்டது ராத்திரி எழுந்ததுண்டா என்றுதான். யோசிக்காமல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள், நாலு வாரத்தில் ஒரு ராத்திரி வரி கூட இல்லை. இனி எழுதவேண்டாம், பதற்றத்துக்கு ஒரு ஆலோசகரைப் பார் என்று அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை புட்டுக்குப் பயறு இப்போது திரும்ப வந்திருக்கிறது, அளவு மட்டும் ஒரு கரண்டி.