காபித்தூள் பாக்கெட்டில் முதலில் படிக்க வேண்டிய வரி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடை ஒன்றில் அரைக்கிலோ காபித்தூள் பாக்கெட் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 300 ரூபாய், மற்றது 420. முதலாவதைத்தான் கை எடுக்கும். எடுக்கும் முன் திருப்பி, சின்ன எழுத்தில் இருக்கும் ஒரு வரியைப் பாருங்கள்: காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம்.

சிக்கரி கலந்த தூளில் இந்த வரி இருந்தே ஆகவேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது சிக்கரி 49 வரை போகலாம். 300 ரூபாய் பாக்கெட்டில் காபி 53 என்று போட்டிருந்தால், உள்ளே காபி 265 கிராம்தான். கணக்குப் போட்டால் காபி கிலோ ஏறக்குறைய 1,130 ரூபாய். 420 ரூபாய் பாக்கெட் 80க்கு 20 என்றால் காபி 400 கிராம், கிலோ 1,050. விலை குறைந்த பாக்கெட்டில்தான் காபிக்கு அதிகம் கொடுக்கிறோம். சிக்கரி டிகாஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும், அதற்காகவே விரும்பி வாங்குபவர்கள் உண்டு. அது ருசி விஷயம். ஆனால் சிக்கரியில் கஃபீன் கிடையாது.

பிளென்ட், அதாவது எந்தெந்தக் கொட்டைகளைக் கலந்தார்கள் என்ற விஷயத்தில் லேபிள் அவ்வளவு உதவாது. பிளான்டேஷன் என்றால் தோல் நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் கொட்டை. பீபெரி என்றால் பழத்துக்குள் ஒற்றையாக விளைந்த உருண்டைக் கொட்டை. ஆனால் அவை எத்தனை பங்கு, இன்னொரு வகையான ரொபஸ்டா எவ்வளவு என்று பல பாக்கெட்டுகளில் இருக்காது. ‘ஸ்பெஷல்’, ‘டிகிரி’ என்பதெல்லாம் விற்பவர் வைத்த பெயர், தரவரிசை இல்லை.

‘ஃப்ரெஷ்’ என்ற சொல்லுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விளம்பர விதிகளில் கட்டுப்பாடு உண்டு. கழுவுதல், நறுக்குதல் மாதிரி சின்ன வேலைகளைத் தாண்டிப் பதப்படுத்திய பொருளை அப்படிச் சொல்ல முடியாது. வறுத்து அரைத்த தூள் எங்கே, ஃப்ரெஷ் எங்கே! அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். அதிலும் ஒரு இடைவெளி: அச்சிட்டிருப்பது தயாரித்த அல்லது பேக் செய்த தேதி. கொட்டையை எப்போது வறுத்தார்கள் என்று அதில் தெரியாது. அரைத்த தூள் மணம் சீக்கிரம் போகும், ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் வருகிற அளவு வாங்காதீர்கள்.

கண் முன் அரைத்துத் தரும் கடையில் லேபிளே இல்லை. அங்கே சிக்கரி எவ்வளவு என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். சந்தேகம் வந்தால் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு விட்டுக்கொண்டே இறங்கும். சிக்கரி இருக்கிறதா என்பதுதான் இதில் தெரியும், எத்தனை சதவீதம் என்பது தெரியாது. அதற்கு ஆய்வகம்தான். பாக்கெட்டில் சதவீத வரியே இல்லையென்றால், பில்லையும் பாக்கெட்டையும் பத்திரப்படுத்தி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம்.