கீறி விரித்தால் பஃப் கை: காகிதத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு

ஓணம் நெருங்கினால் பாலக்காட்டு எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தையல் கடைகளில் கசவுத் துணி குவியும். தமிழ் பேசும் வீடு, மலையாளம் பேசும் வீடு என்ற வித்தியாசம் கிடையாது. வெள்ளைத் துணி, தங்கச் சரிகைக் கரை, அதில் ஒரு பஃப் கை ஜாக்கெட், அவ்வளவுதான் கேட்பார்கள். கேட்பது எளிது. வெட்டுகிறவருக்குத்தான் எந்த இடத்தில் எவ்வளவு துணி கூட்ட வேண்டும் என்ற கேள்வி.

எல்லாம் ஒரே அடிப்படைக் கை வடிவத்திலிருந்துதான் தொடங்குகிறது. தையலுக்கு விடும் துணியைச் சேர்க்காமல், அளவை மட்டும் வைத்துக் காகிதத்தில் வரைந்த சாதாரணக் கை அது. மேலே குன்று போன்ற வளைவு, கீழே நேர்க்கோடு, நடுவில் நேர் நூலைக் காட்டும் ஒரு செங்குத்துக் கோடு. இதில் மேலிருந்து கீழாகச் சில கோடுகளைக் கீறி, துண்டுகளுக்கு இடையே இடைவெளி விட்டு, புதுக் காகிதத்தில் ஒட்டிச் சுற்றி வரைந்தால் புதிய கை வந்துவிடும். கோட்டின் எந்த முனையை வெட்டாமல் விடுகிறோம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. வெட்டாத முனை கதவுக் கீல் மாதிரி: அங்கே இடைவெளி சுழி, அதிலிருந்து தள்ளிப் போகப் போக இடைவெளி சீராகக் கூடும். கீழே 2 இஞ்ச் திறந்தால், கோட்டின் பாதியில் 1 இஞ்ச்தான் திறக்கும்.

கீல் மேலே, அக்குள் தையலில் இருந்தால் கீழ்ப்பக்கம் மட்டும் அகலும். அது பெல் கை. பிஷப் கையும் அப்படித்தான் தொடங்கும். அகன்ற கீழ்ப்பக்கத்தைச் சுருக்கி மணிக்கட்டில் ஒரு கஃபுக்குள் அடக்கிவிடுவோம். இரு முனைகளையும் வெட்டித் துண்டுகளை இணையாகத் தள்ளி வைத்தால் மேலும் கீழும் ஒரே அளவு கூடும். அது முழு பஃப். கீல் கீழே இருந்தால் தோளில் மட்டும் சுருக்கு வரும். கீழே கை ஒட்டியே இருக்கும்.

கசவு ஜாக்கெட்டின் பஃப் கையையே கணக்கிட்டுப் பார்ப்போம். கையின் மொத்த நீளம் 8 இஞ்ச், குன்றின் உயரம் 5, கீழ் அகலம் 12, குன்று வளைவின் நீளம் 17. உடம்புத் துணியில் கை பொருந்தும் அக்குள் சுற்று 16½. முதலில் குன்று முடிகிற இடத்தில் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள். துண்டுகளைப் பிரித்த பிறகு அவை நேராக உட்கார்ந்திருக்கின்றனவா என்று காட்ட அந்தக் கோடு ஒன்றுதான் இருக்கும். துண்டுகளுக்கு எண்ணும் போடுங்கள்.

வளைவின் நடுவில் 8 இஞ்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குள் ஐந்து கோடு கீறி, ஒவ்வொன்றையும் 1 இஞ்ச் விரிக்கிறோம். நடுப்பகுதி 13 ஆகிறது. இரண்டு பக்கமும் 4½, 4½ அப்படியே இருக்கும். அக்குள் சுற்று 16½-இல் அந்த 9 போக மீதி 7½. ஆகவே 13 இஞ்ச் துணி 7½-க்குள் சுருங்க வேண்டும். மெல்லிய பருத்திக்கு இது தாராளம். அந்த 4½-களைத் தொடக்கூடாது. அக்குளை ஒட்டிச் சுருக்கு ஓடினால் கை தொங்கும்போது அங்கே துணி திரளும், மார்புப் பக்கம் சுருக்கம் விழும். போட்டுப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

அகலம் கூட்டினால் மட்டும் பஃப் உப்பாது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தோள் தையலுக்கும் கீழ்ப் பட்டிக்கும் இடையே நேர்த்தூரம் 8 இஞ்ச். துணியும் 8 இஞ்ச்தான் என்றால், சுருக்கு வரும், ஆனால் துணி கையோடு ஒட்டிக் கிடக்கும். உப்ப வேண்டுமானால் துணி வில்லாக வளைந்து வர வேண்டும். வில் எப்போதும் நாணைவிட நீளம். நடுவில் 2 இஞ்ச் உப்பல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் வில்லின் நீளம் ஏறக்குறைய 9¼ இஞ்ச் வருகிறது. அதாவது 1¼ இஞ்ச் கூடுதல் உயரம். துணி கொஞ்சம் தளர்ந்து அமுங்கும் என்பதால் 1½ வைத்துக்கொள்ளலாம்: குன்றின் உச்சியில் ¾, கீழ் நடுவில் ¾, இரு ஓரத்துக்கும் இறங்கும்போது சுழியாக்கி. உச்சி உயர்ந்ததில் வளைவு கொஞ்சம் நீளும். அது சுருக்கிலேயே போய்விடும்.

தோளையும் கவனிக்க வேண்டும். பஃப் உட்காரும் இடம் தோள் எலும்பின் முனைக்கு உள்ளே இருக்க வேண்டும். அதனால் உடம்புத் துணியின் தோளை ஓரத்தில் அரை இஞ்ச் குறைப்பது வழக்கம். குறைக்கவில்லை என்றால், எவ்வளவு உயரம் கொடுத்தாலும் பஃப் தோளைவிட்டு வழிந்து சரியும். உயரம் போதாத பஃப் தட்டையாக இருக்கும்; தோள் நீண்ட பஃப் உப்பியே இருக்கும், ஆனால் கீழே தொங்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றுக்கு மற்றதன் மருந்தைக் கொடுப்பதுதான் நடக்கிறது.

சரி, கசவுக் கரை? கரை நேர்க்கோடாக நெய்யப்பட்டது. நம் கையின் கீழ்விளிம்போ ¾ இஞ்ச் இறக்கியதால் வளைந்துவிட்டது. வளைந்த விளிம்பில் நேர்க்கரையை உட்கார வைக்க முடியாது. கரையைத் தனியே வெட்டிவிடுங்கள். கை வெறும் துணியில். கரை மட்டும் முடிந்த அளவில் 11½ இஞ்ச் வருகிற பட்டியாக. கைச்சுற்று 11 என்றால் அரை இஞ்ச் இளக்கம் இருக்கும். கீழே 12-உடன் 5 சேர்ந்து 17 ஆன விளிம்பை அந்தப் பட்டிக்குள் சுருக்கினால், கரை நேராகவும் தெளிவாகவும் நிற்கும். அழகும் இதில்தான் அதிகம் என்பேன். சுருக்குக்கு நீளத் தையல் ஒரு வரிசை போதாது. கால் இஞ்ச் இடைவெளியில் இரண்டு வரிசை போட்டு இழுத்தால் மடிப்புகள் நேராக நிற்கும். ஒற்றை வரிசையில் அவை புரளும்.

பிஷப் கையில் எனக்குப் பிடித்தது அதன் சமமின்மை. கை மடங்குவது முழங்கைப் பக்கம். துணி தேவைப்படுவதும் அங்கேதான். நான்கு கோடு கீறினால் முன்பக்கம் 1, 1½ இஞ்ச்சும் பின்பக்கம் 2½, 3 இஞ்ச்சும் திறக்கலாம். மணிக்கட்டில் 9 இருந்த அகலம் 17 ஆகி, 8 இஞ்ச் கஃபுக்குள் சுருங்கும். கீழ்விளிம்பையும் பின்பக்கத்தில் ஒன்றேகால் இஞ்ச் இறக்கி வளைக்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் கஃபின் மேல் சாய்ந்து தொங்கும். கஃபின் திறப்பும் அந்த மிக நீண்ட இடத்திலேயே வரும். எல்லா இடைவெளியும் சமம் என்று வெட்டினால் கையை மடக்கும்போது கஃப் மேலே ஏறும்.

பெல் கையில் சுருக்கு இல்லை. துணி தானாக மடிந்து விழ வேண்டும். கீல்கள் தையல் கோட்டிலேயே இருப்பதால் குன்றின் நீளம் மாறாது, அக்குளில் சரியாகப் பொருந்தும். ஆனால் ஓரத் துண்டுகள் வெளிப்பக்கம் சாய்வதால் குன்று தட்டையாகிவிடும். கையைத் தூக்க வசதி. இறக்கினால் அக்குளில் கொஞ்சம் மடிப்பு. அதிகம் விரித்தால் மடிப்பும் அதிகம். இன்னொன்று, சாய்ந்த ஓரங்களில் நூல் சாய்வாக ஓடுகிறது, அந்தப் பகுதி தன் எடையிலேயே நீளும். நடுவில் நேர் நூல் இருப்பதால் அங்கே நீளாது. அதனால் தைத்த உடனே விளிம்பை மடிக்காமல், ஒரு இரவு ஹேங்கரில் தொங்கவிட்டு, மறுநாள் தரையிலிருந்து அளந்து சமப்படுத்தி, அப்புறம்தான் மடித்துத் தைக்க வேண்டும். ஜார்ஜெட், ஷிஃபான் என்றால் இன்னொரு இரவும் தொங்கட்டும்.