கிளெய்ம் ஃபார்ம்ல விபத்த எப்படி சுருக்கி எழுதுறது

வண்டி இன்சூரன்ஸ் கிளெய்ம் ஃபார்ம்ல விபத்து எப்படி நடந்துச்சுன்னு எழுத ஒரு சின்ன கட்டம்தான் இருக்கும், நம்மாளுங்க அது பத்தாதுன்னு மூணு பக்கம் எழுதி பின் அடிச்சு குடுத்துடுறாங்க. அத வச்சு இன்சூரன்ஸ் கம்பெனி சேதத்த பாக்க அனுப்புற சர்வேயர் பாக்குறது ஒண்ணுதான்: நீங்க சொல்ற மாதிரி நடந்திருந்தா வண்டியில இந்த எடத்துல இந்த அடி பட்டிருக்குமா?

எங்க தெருப் பையன் ஒருத்தன் சம்பா அறுப்பு நேரத்துல மன்னார்குடிலேர்ந்து நீடாமங்கலம் போறப்ப பைக்கோட விழுந்துட்டான். எழுதித் தாங்கண்ணேன்னு வந்து அவன் சொன்னது, மச்சான் வீட்டு காதுகுத்துக்கு கெளம்புனது, வழியில பெட்ரோல் போட்டது, பாதி ரோட்டுக்கு நெல்லு காயப்போட்டிருந்தது, ஆடு குறுக்க வந்தது, ஆட்டுக்காரர்கூட சண்ட, கடைசியா "நானும் கொஞ்சம் பாத்து போயிருக்கணும்ணே".

காதுகுத்தும் சண்டையும் வண்டி சேதத்துக்கு சம்பந்தமில்ல, எடுத்தாச்சு. கடைசி வரி அவன் மனசுல பட்டது, நடந்த சம்பவம் இல்ல, அதுவும் வேணாம். ஆனா நெல்லு கண்டிப்பா இருக்கணும். வெறும் ஆடு குறுக்க வந்துச்சுன்னு மட்டும் எழுதுனா, முன் மட்கார்டுல ஒரு கீறல்கூட இல்லாம இடது பக்கம் மட்டும் எப்படி தேஞ்சுதுன்னு கேள்வி வரும். பின்னாடி ஆள் உக்காந்திருந்ததையும் மறைக்கக்கூடாது, ஆஸ்பத்திரில விபத்து கேஸ பதிஞ்சு வைக்கிற ஏஆர் காப்பில அவர் பேரு இருக்கும்ல. தேதி, வண்டி நம்பர், லைசென்ஸ் நம்பருக்கெல்லாம் தனி கட்டம் இருக்கு, திருப்பி எழுத வேண்டியதில்ல. கடைசியில வந்தது இதான்:

"மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் நோக்கி நான் பைக் ஓட்டிச் சென்றேன். பின்னால் நண்பர் அமர்ந்திருந்தார். மாலை சுமார் 6.40 மணிக்கு ஆடு குறுக்கே வந்ததால் பிரேக் பிடித்தேன். சாலையில் காயவைத்திருந்த நெல்லில் சக்கரம் வழுக்கி, வண்டி இடதுபுறமாக விழுந்தது. ஆட்டின் மீது மோதவில்லை. இடது ஹேண்டில், இண்டிகேட்டர், ஃபுட்ரெஸ்ட் சேதமடைந்தன. நண்பருக்கு இடது முழங்காலில் காயம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார்."

நேரத்துல ஒரு சிக்கல் வந்துச்சு. ஸ்டேஷன்ல குடுத்த மனுவுல 7.15னு எழுதிட்டான், அது ஆஸ்பத்திரிக்கு போய் சேந்த நேரம். மனு வாங்குனதுக்கு ஸ்டேஷன்ல தர்ற சிஎஸ்ஆர் ரசீதுலயும் அதே ஏறிடுச்சு, ஃபார்ம்ல 6.40, இப்படி ரெண்டு பேப்பர்ல ரெண்டு நேரம் இருந்தா கிளெய்ம் அங்கயே நிக்கும், அதனால விழுந்தது 6.40, போய் சேந்தது 7.15னு ஸ்டேஷன்ல திருத்த மனு குடுத்து அதோட நகலயும் ஃபார்மோட வச்சோம்.

இன்னொண்ணு, ஒர்க்‌ஷாப்ல வெத்து ஃபார்ம நீட்டி கையெழுத்து மட்டும் போடுங்க நாங்க ஃபில் பண்ணிக்கிறோம்னு சொல்லுவாங்க, போட்டுடாதீங்க. எல்லாருக்கும் எழுதுற மாதிரி "நாய் குறுக்கே வந்தது"ன்னு அவங்க எழுதிட்டா, கீழ கையெழுத்து உங்களோடது. நீங்களே எழுதி, ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கிட்டு குடுங்க, சர்வேயர் போன்ல கேக்குறப்ப அத பாத்து அதே மாதிரி சொல்லலாம்.