மஞ்சள் முன்பேர ஒப்பந்தம் காலாவதியாகும்போது: விதி என்ன, விலைத் தொடரை எப்படி ஒட்டுவது?

ஈரோடு, பெருந்துறை, கோபி பக்கம் மஞ்சளைக் கிடங்கில் வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில், விலைப் பதிவேடு வைத்திருக்கும் செயலாளருக்காக எழுதப்பட்ட விளக்கம் இது. விரலிக்கு இன்று ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் என்ன விலை போனது என்பதை எழுதிவைப்பதில் சிக்கல் ஏதும் இல்லை. என்சிடெக்ஸ் சந்தையில் பின்னால் வரும் மாதத்துக்கு இன்றே பேசும் முன்பேர விலையையும் பக்கத்தில் எழுதத் தொடங்கும்போதுதான் குழப்பம் வருகிறது. அந்த விலை ஒன்றல்ல. ஏப்ரலுக்கு ஒன்று, ஜூனுக்கு ஒன்று என ஒரே நாளில் பல விலைகள் ஓடுகின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு நாள் முடிந்தும் போகிறது.

முதலில் விதி. 2015 செப்டம்பரில் முன்பேர வர்த்தக ஆணையம் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியுடன் இணைக்கப்பட்டது முதல் இந்தச் சந்தை செபியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மஞ்சள் ஒப்பந்தம் கட்டாய ஒப்படைப்பு வகையைச் சேர்ந்தது. காலாவதி நாள் வரை கணக்கை முடிக்காமல் வைத்திருப்பவர் பணத்தைக் கொடுத்து விலகிவிட முடியாது. விற்றவர் சரக்கைக் கொடுக்க வேண்டும், வாங்கியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தின் அடிப்படை மையம் தெலங்கானாவின் நிஜாமாபாத். ஒரு லாட் 5 டன். விலை குவிண்டாலுக்கு ரூபாயில் சொல்லப்படுகிறது. ஆக, ஒரு லாட்டில் விலை ஒரு ரூபாய் அசைந்தால் கணக்கில் 50 ரூபாய் அசையும்.

காலாவதி பொதுவாக மாதத்தின் 20-ஆம் தேதி. அன்று விடுமுறையானால் அதற்கு முந்தைய வர்த்தக நாள். ஆனால் பலர் இந்தத் தேதியை மட்டும் நாட்காட்டியில் வட்டமிட்டுவிட்டு, அதற்கு முன்பே தொடங்கும் ஒப்படைப்புக் காலத்தைக் கவனிப்பதில்லை. காலாவதி நாளையும் சேர்த்துக் கடைசிச் சில வர்த்தக நாட்கள் ஒப்படைப்புக் காலம்; இங்கே கணக்குக்காக ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். இந்த நாட்களில் எந்த நாளிலும் விற்றவர் சரக்கைக் கொடுக்க முன்வரலாம். சந்தை அதை வாங்கிய நிலையில் இருக்கும் யாருக்காவது ஒதுக்கிவிடும். வாங்கிய பக்கத்தில் இருக்கும் மசாலா அரவை ஆலைக்காரர், “இருபதாம் தேதிதானே, பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்தால், நிஜாமாபாத் கிடங்கில் இருக்கும் மஞ்சளுக்கு அவர் உரிமையாளர் ஆகிவிடுவார். அதை ஈரோட்டுக்குக் கொண்டுவரும் லாரி வாடகை அவர் தலையில். விற்ற பக்கத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு இந்த அவசரம் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் எப்போது கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பவர் விற்றவர். ஆனாலும் சந்தையில் கட்டிவைக்க வேண்டிய மார்ஜின் தொகை ஏறும், வாங்குவோர் விற்போர் குறைந்து விலை இடைவெளி விரியும். இரு தரப்புக்கும் பாதுகாப்பான கடைசி நாள், ஒப்படைப்புக் காலம் தொடங்குவதற்கு முந்தைய வர்த்தக நாள்தான்.

2026 ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். 20-ஆம் தேதி திங்கட்கிழமை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 20, 17, 16, 15. நான்கு ஆயிற்று. ஐந்தாவது 14-ஆம் தேதி என்று எழுதிவிடக் கூடாது. அன்று நமக்குச் சித்திரை முதல் நாள், நாடு முழுவதும் அம்பேத்கர் பிறந்தநாள்; சந்தை விடுமுறை. எனவே ஐந்தாவது நாள் 13-ஆம் தேதி. அப்படியானால் நிலையை மாற்ற வேண்டிய கடைசி நாள் 10-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. ஒரு விடுமுறையை மறந்தால் ஒப்படைப்புக் காலத்துக்குள் காலை வைத்துவிடுவோம். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் சந்தை வெளியிடும் சுற்றறிக்கையில் இந்தத் தேதிகள் இருக்கும்; நம் எண்ணிக்கையை அதோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

நிலையை மாற்றுவது என்றால், பழைய மாதத்தை முடித்துவிட்டு அதே அளவுக்கு அடுத்த மாதத்தில் நுழைவது. தரகர்கள் இதை ரோல் ஓவர் என்பார்கள். கிடங்கில் 20 டன் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் மார்ச் 2-ஆம் தேதி ஏப்ரல் ஒப்பந்தத்தில் 4 லாட் விற்றிருக்கிறது என்று கொள்வோம். அப்போது விலை 13,000 ரூபாய். இங்கே வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஏப்ரல் 10-ஆம் தேதி ஏப்ரல் ஒப்பந்தம் 14,400, ஜூன் ஒப்பந்தம் 14,832. நிறுவனம் 4 லாட் ஏப்ரலைத் திரும்ப வாங்கி, 4 லாட் ஜூனை விற்கிறது. ஏப்ரலில் குவிண்டாலுக்கு 1,400 வீதம் 200 குவிண்டாலுக்கு 2,80,000 ரூபாய் நட்டம். கிடங்கில் இருக்கும் மஞ்சளின் மதிப்பும் ஏறியிருப்பதால் இந்த நட்டத்தைத் தனியாகப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. விலை இறங்கினால் காப்பாக இருக்கட்டும் என்று விற்றதன் பொருளே அதுதான்.

14,400-க்கு வாங்கி 14,832-க்கு விற்றோம், ஆகவே குவிண்டாலுக்கு 432 லாபம் என்று சிலர் எழுதிக்கொள்வார்கள். வாங்கியது ஏப்ரல் மஞ்சள், விற்றது ஜூன் மஞ்சள். இரண்டும் வெவ்வேறு சரக்கு. அந்த 432-இல் இரண்டு மாதக் கிடங்கு வாடகை, வட்டி, எடைக்குறைவு, ஜூனில் வரத்து எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஜூன் வரை சரக்கை வைத்திருந்தால் அந்தச் செலவையும் நிறுவனம்தான் செய்யப்போகிறது.

பதிவேட்டில் பிழை நுழைவதும் இதே 432 வழியாகத்தான். ஏப்ரல் 10 வரை ஏப்ரல் விலை, 13-ஆம் தேதியிலிருந்து ஜூன் விலை என்று ஒரே பத்தியில் எழுதிக்கொண்டே போனால் என்ன ஆகும்? 13-ஆம் தேதி ஜூன் ஒப்பந்தம் 14,700-இல் முடிகிறது. முந்தைய நாளைவிட 132 ரூபாய், அதாவது 0.9 விழுக்காடு குறைவு. ஆனால் பதிவேட்டில் 14,400-க்கு அடுத்து 14,700 வருவதால் 2.1 விழுக்காடு ஏற்றம் என்று தெரியும். சந்தை இறங்கிய நாளில் பதிவேடு ஏறுகிறது. இருபது நாள் சராசரி, ‘இரண்டு விழுக்காட்டுக்கு மேல் அசைந்தால் தகவல் அனுப்பு’ என்ற விதி, எல்லாமே இந்தப் போலி ஏற்றத்தை உண்மை என்று நம்பிவிடும்.

இதைச் சரிசெய்ய, மாறும் நாளில் இரண்டு ஒப்பந்தங்களின் விலையையும் ஒரே நேரத்தில் எடுத்து, அந்த விகிதத்தால் பழைய விலைகள் அனைத்தையும் பெருக்க வேண்டும். தாளில் B பத்தி ஏப்ரல், C பத்தி ஜூன், 10-ஆம் தேதி 30-ஆவது வரிசை என்றால்:

```
G1:  =C30/B30
D2:  =B2*$G$1
```

விகிதம் 14,832 வகுத்தல் 14,400, அதாவது 1.03. D2-இல் உள்ளதை 30-ஆவது வரிசை வரை இழுத்துவிட்டு, அதற்குக் கீழே D பத்தியில் ஜூன் விலையை அப்படியே தொடரலாம். மார்ச் 2-ஆம் தேதியின் 13,000 இப்போது 13,390 ஆகிறது. ஏப்ரல் 10-இன் 14,400 என்பது 14,832 ஆகிறது. இரண்டுக்கும் இடையிலான ஏற்றம் 10.8 விழுக்காடு, ஏப்ரல் ஒப்பந்தத்தில் உண்மையில் நடந்த ஏற்றமும் அதுவே. பெருக்குவதற்குப் பதில் 432-ஐக் கூட்டிவிடலாமே என்றால், அப்படியும் செய்கிறார்கள். அப்போது ரூபாய் வித்தியாசம் 1,400 மாறாமல் நிற்கும், ஆனால் விழுக்காடு 10.4 ஆகிவிடும். லாப நட்டத்தை ரூபாயில் கணக்கிடுபவருக்குக் கூட்டல் முறை பொருந்தும். விலை அசைவைக் கண்காணிப்பவருக்கு விகித முறையே சரி என்பது என் கருத்து. பல ஆண்டுகளுக்குக் கூட்டிக் கழித்துக்கொண்டே போனால் மிகப் பழைய விலை பூஜ்யத்துக்குக் கீழே போகவும் வாய்ப்புண்டு. விகித முறையில் அது நடக்காது.

அடுத்த மாற்றத்தின்போது விகிதம் 0.98 என்று வந்தால், ஜூன் பகுதியை 0.98-ஆலும், ஏப்ரல் பகுதியை 1.03, 0.98 இரண்டாலும் பெருக்க வேண்டும். 13,390 ஆக இருந்த மார்ச் 2-ஆம் தேதி விலை இப்போது 13,122 ஆகிவிடும். ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய எண்கள் எல்லாம் மாறுகின்றன என்பதைக் கவனியுங்கள். அந்த எண்ணுக்கு மார்ச் 2-இல் யாரும் மஞ்சள் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. எனவே “விலை 13,000-க்குக் கீழே போனால் விற்றுவிடுவோம்” என்பதுபோல ரூபாயில் வைத்த வரம்பை இந்தத் தொடரோடு ஒப்பிடக் கூடாது. நடப்பு ஒப்பந்தத்தின் அசல் விலையோடுதான் ஒப்பிட வேண்டும். ஈரோட்டு விரலி விலைக்கும் முன்பேர விலைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பதற்கும் அசல் விலைதான் வேண்டும். சதவீத அசைவு, சராசரி, போக்கு ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டிய தொடர். அசல் விலைப் பத்திகளை அழிக்காமல், மாற்ற நாளையும் விகிதத்தையும் தனியாக ஒரு சிறு அட்டவணையில் எழுதிவைத்தால் தொடரை எப்போது வேண்டுமானாலும் மறுபடி கட்டிவிடலாம்.

விகிதம் கெட்டுப்போவது பெரும்பாலும் விலையை எடுக்கும் இடத்தில்தான். அடுத்த மாத ஒப்பந்தத்தில் வர்த்தகம் குறைவாக இருக்கும் நாளில் அதன் கடைசி வர்த்தகம் காலை பதினொரு மணிக்கு நடந்திருக்கலாம், நடப்பு மாதத்தினுடையது மாலையில். இரண்டையும் வகுத்தால் நடுவில் சந்தை நகர்ந்த தூரமும் விகிதத்துக்குள் புகுந்து, பழைய விலைகள் அனைத்திலும் பரவிவிடும். கடைசி வர்த்தக விலையை விட்டுவிட்டு, அன்றைய கணக்கை முடிக்கச் சந்தை நிர்ணயித்து நாள்தோறும் விலைப்பட்டியலில் வெளியிடும் தீர்வு விலையை இரண்டுக்கும் எடுங்கள். இரண்டில் ஒன்று அன்றாட விலை வரம்பில் முட்டி நின்ற நாளிலும் விகிதத்தை எடுக்க வேண்டாம். ஒரு நாள் முன்னதாகவே எடுத்துவிடலாம்.

எந்த நாளில் மாறுவது என்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. நடப்பு மாதத்தைவிட அடுத்த மாதத்தில், இன்னும் முடிக்கப்படாமல் இருக்கும் நிலுவை ஒப்பந்தங்கள் அதிகமாகும் நாளில் மாறுவது. வர்த்தகம் உண்மையில் இடம்பெயரும் நாளை அது பிடிக்கும். ஆனால் நிலுவை ஒரு நாள் கூடி மறுநாள் குறைந்தால் தொடர் முன்னும் பின்னுமாகத் தாவும். ஒருமுறை மாறினால் திரும்பக் கூடாது என்று சேர்த்து எழுத வேண்டும். இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பதிவேடு எழுதும் அலுவலகத்துக்குத் தேதி விதியே போதும்.

ஒட்டியது சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மாற்றத்துக்கு அடுத்த நாளின் விழுக்காட்டு அசைவு, புதிய ஒப்பந்தம் மட்டும் தனியாக அசைந்த அளவோடு பொருந்த வேண்டும். நம் கணக்கில் 14,832-இலிருந்து 14,700. ஜூன் ஒப்பந்தமும் அதே அளவுதான் இறங்கியது. பொருந்தாவிட்டால், பெரும்பாலும் வெவ்வேறு நாள் விலைகளை வகுத்திருப்பீர்கள்.

டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்கு மாறும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. டிசம்பர் ஒப்பந்தத்தில் கைமாறுவது பழைய மஞ்சள். ஏப்ரலுக்குள் பொங்கலுக்குப் பிந்தைய அறுவடை முடிந்து, வேகவைத்துக் காயவைத்த புது மஞ்சள் சந்தைக்கு வந்துவிடும். கையிருப்பு குறைந்த ஆண்டில் டிசம்பர் 15,000, ஏப்ரல் 14,100 என்று தலைகீழாகவும் நிற்கலாம், விகிதம் 0.94. கணக்கில் பிழை இல்லை, ஒட்டிவிடலாம். ஆனால் அந்த ஒட்டுக்கு இருபுறமும் இருப்பது வெவ்வேறு பருவத்துச் சரக்கு. நவம்பர் விலையையும் மார்ச் விலையையும் ஒரே தொடரில் வைத்து “இவ்வளவு விழுக்காடு ஏறியது” என்று இயக்குநர் கூட்டத்தில் அறிக்கை தருவதாக இருந்தால், டிசம்பர் வரிசைக்குப் பக்கத்தில் ‘பருவ மாற்றம்’ என்று ஒரு குறிப்பு எழுதிவையுங்கள்.